பண்டிகை வாரத்தில் துக்கச் செய்தி வந்தால்: நேரம் குறித்து வைத்த பதிவுகளைச் சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையில் தீபாவளி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் வருகிறது. கடைக்காரர்கள் ஒரு வாரத்துக்கான பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் அதே நாட்களில்தான் கடலும் கொந்தளிக்கிறது. அதனால் இங்கே பண்டிகை விளம்பரமும் படகு விபத்துச் செய்தியும் ஒரே நாளில் வந்து சேர்வது அரிதல்ல.

இந்த மாவட்டத்தில் ஒரு ஜவுளிக் கடையின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துவந்தபோது எனக்கு நேர்ந்ததை வைத்தே இதை எழுதுகிறேன். தீபாவளிக்கு ஆறு நாட்கள் இருந்தன. வரிசையில் 23 பதிவுகள் காத்திருந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் கரை திரும்பியிருக்க வேண்டிய ஒரு நாட்டுப்படகு வரவில்லை. படகில் போன நால்வரில் இருவரை வேறொரு படகுக்காரர்கள் மீட்டார்கள், இருவரைக் காணவில்லை. அந்த ஊர் எங்கள் கடைக்கு வழக்கமாகத் துணி எடுக்க வரும் ஊர்.

1. முன்பே கையில் இருக்க வேண்டியவை

செய்தி வந்த பிறகு தேடத் தொடங்கினால் நேரம் போதாது. பண்டிகை வரிசையை அமைக்கும் அன்றே ஒரு தாளில் எல்லாப் பதிவுகளையும் எழுதிவிடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கம், படத்தில் என்ன இருக்கிறது, வாசகம் என்ன, பின்னணிப் பாட்டு என்ன என்பவை ஒவ்வொன்றுக்கும் வேண்டும். பாட்டுக்கான கட்டத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். குறுங்காணொளியின் தலைப்பை வாசித்தால் உள்ளே ஒலிப்பது குத்துப்பாட்டு என்று தெரியாது.

பக்கத்தைத் திறக்கும் உரிமை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். பண்டிகை வாரத்தில் ஒருவர் பஸ்ஸில் இருப்பார், மற்றவர் கல்லாவில் இருப்பார். ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் அவருடைய கைபேசி அணைந்திருக்கும் நேரத்தில் பதிவு வெளியே போய்விடும்.

கடற்கரை ஊர்களில் தெரிந்த ஒருவருடைய எண்ணும் தேவை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி என்று உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வருகிறார்களோ அந்தப் பக்கத்து ஆளாக அவர் இருக்கட்டும். இது ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

2. முதலில் நிறுத்துங்கள், பிறகு படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். செய்தி கேட்டதும் வரிசையைத் திறந்து முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து யோசிக்கத் தொடங்குவார்கள். நான்காவது பதிவுக்கு வருவதற்குள் பதினொரு மணிப் பதிவு வெளியே போயிருக்கும்.

அடுத்த 24 மணி நேரத்துக்குள் வெளிவர இருக்கும் எல்லாவற்றையும் நல்லது கெட்டது பார்க்காமல் நிறுத்துங்கள். கடை திறக்கும் நேரத்தைச் சொல்லும் பதிவானாலும் சரி. ஒரு நல்ல பதிவு அரை நாள் தாமதமானால் யாருக்கும் நட்டமில்லை. அதற்குப் பிறகு உள்ளவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

நிறுத்துவது என்றால் அழிப்பது அல்ல. அழித்துவிட்டால் படமும் வாசகமும் குறிச்சொற்களும் போய்விடும். இரண்டு நாள் கழித்து அவசரத்தில் மீண்டும் எழுதும்போது புதிய பிழைகள் வரும். மெட்டா பிசினஸ் சூட்டில் `Scheduled` பட்டியலைத் திறந்து, பதிவை வரைவு நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி உங்கள் திரையில் இல்லையென்றால் தேதியைத் தொலைவில் உள்ள ஒரு நாளுக்குத் தள்ளி, தள்ளியதைத் தாளில் குறித்துவிடுங்கள். யூடியூபில் நேரம் குறித்த காணொளியை `Private` ஆக்கினால் போதும்.

பதிவை "நாளை இதே நேரம்" என்று மட்டும் தள்ளாதீர்கள். நாளைக்கு ஏற்கெனவே நான்கு இருக்கும். இவையும் சேர்ந்து ஏழாகும். தேடுதல் இன்னும் முடிந்திராத ஒரு காலையில் ஏழு கொண்டாட்டப் பதிவுகள் தாமாகவே வெளிவரும். நிறுத்தியது மறந்துபோவதால் நேரும் விபத்து இது. வரைவில் இருப்பது மறந்தாலும் தானாக வெளியே போகாது.

3. செய்தி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள்

கடல் விபத்துச் செய்தி ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் "படகு திரும்பவில்லை" என்று வரும். பிறகு தேடுதல். பிறகு ஒருவர் உயிருடன் கிடைக்கலாம், அல்லது உடல் கரை ஒதுங்கலாம். பிறகு உடற்கூறாய்வு, அடக்கம். ஒவ்வொரு நிலையிலும் பொருந்தாத சொற்கள் மாறும். ஆகவே நிலை தெரியாமல் பதிவைப் படிப்பதில் பயனில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் தாளின் மேலே எழுதிய வரி: "நாட்டுப்படகு, நால்வர், இருவர் மீட்பு, இருவரைக் காணவில்லை, தேடுதல் நடக்கிறது." இதைத் தாளின் மேல் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பதிவையும் படித்தேன்.

இந்த வரியை வாட்ஸ்அப்பில் வரும் பகிர்வுகளை வைத்து எழுதாதீர்கள். முதல் மணி நேரத்தில் பழைய விபத்துப் படங்கள் புதிய செய்தியோடு ஒட்டி வரும், எண்ணிக்கையும் மாறும். மீன்வளத்துறையோ கடலோரப் பாதுகாப்புக் குழுமமோ மாவட்ட நிர்வாகமோ சொன்னதாகச் செய்தித்தாளில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஊரில் உள்ள ஆளைக் கேளுங்கள். நான் கேட்டபோது அவர் சொன்னது இது: "அண்ணே, இறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லாதீர்கள். வீட்டில் விளக்கை அணைக்காமல் காத்திருக்கிறார்கள்." எந்தச் செய்தித்தாளும் எனக்குத் தந்திராத தகவல் அது. அடுத்து நான் செய்ததையெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் தீர்மானித்தது.

4. வரிசைக்கு வெளியே ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தேடுங்கள்

வரிசையை நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்று மாலை ஒரு பெண் கடையின் வாட்ஸ்அப்புக்கு எழுதினார்: "வெள்ளை வேட்டி, துண்டு இப்போது கிடைக்குமா?" அவருடைய வீட்டில் வேறொரு சாவு, கோடித் துணி தேவைப்பட்டது. அடுத்த நொடியே எங்கள் கணக்கு தானாகப் பதில் அனுப்பியது. தீபாவளிக் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது, வந்து அள்ளிச் செல்லுங்கள் என்று பட்டாசுப் படங்களோடு. நான் பார்த்தபோது அவர் அதைப் படித்து முடித்திருந்தார். கைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனாலும் அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வாட்ஸ்அப் பிசினஸில் `Greeting message` என்று ஒரு வசதி இருக்கிறது. முதன்முறை எழுதுகிறவருக்கும், 14 நாட்களாகப் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுகிறவருக்கும் மட்டுமே அது பதில் அனுப்பும். கடைப் பணியாளர்கள் தங்கள் கைபேசியிலிருந்து எழுதிச் சோதித்துப் பார்த்தால் எதுவும் வராது, ஏனென்றால் அவர்கள் கடையோடு நேற்றுதான் பேசியிருப்பார்கள். சோதனையில் அது இல்லாதது போலவே தெரியும். ஆகவே சோதித்துப் பார்ப்பதை நம்பாமல், அமைப்புக்குள் போய் வாசகத்தைக் கண்ணால் படியுங்கள். பக்கத்திலேயே `Away message` இருக்கும். அதையும் திறந்து பாருங்கள்.

அடுத்தது பணம் கட்டிய விளம்பரங்கள். நேரம் குறித்த பதிவுகளின் பட்டியலில் இவை வராது. விளம்பர மேலாண்மைப் பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் வெளியான பதிவுக்குப் பணம் கட்டி முன்னிறுத்தியிருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும். அவசரத்தில் வாசகத்தைத் திருத்தாதீர்கள். நிறுத்தி மட்டும் வையுங்கள். ஏழு நாளுக்குள் மீண்டும் தொடங்கினால் விளம்பரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாசகத்தையோ படத்தையோ மாற்றினால் யாருக்குக் காட்டுவது என்று முதலிலிருந்து கற்கத் தொடங்கும். பண்டிகைக்கு முந்திய நாட்களில் அதற்குப் பணம் வீணாகும்.

இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே நேரம் குறித்தவை, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்திடம் கொடுத்துவைத்தவை, கடை வாசலில் ஓடும் மின்திரை, ஊருக்குள் போகும் ஆட்டோ ஒலிபெருக்கி ஆகியவற்றையும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஆட்டோவை நான் குறிப்பாகச் சொல்கிறேன். அது துக்க வீட்டுத் தெருவுக்குள்ளேயே போகும்.

5. ஒவ்வொரு பதிவையும் மூன்று முறை பாருங்கள்

ஒரே பார்வையில் எல்லாம் கண்ணில் படாது. முதல் முறை வாசகத்தை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை படத்தை மறைத்து வாசகத்தை வாய்விட்டுப் படியுங்கள். மூன்றாம் முறை ஒலியோடு ஓடவிட்டு, வெளியாகும் நேரத்தையும் பாருங்கள். வாய்விட்டுப் படிப்பதற்குக் காரணம் இருக்கிறது: நம் விளம்பரத் தமிழ் கடலிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்த சொற்களால் ஆனது, பழகிய கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும், காது நிற்கும்.

எங்கள் வரிசையில் இருந்தவற்றைப் பாருங்கள். "சலுகைக் கடலில் குதிக்க வாருங்கள்" என்று ஒன்று. படத்தில் பொட்டலங்கள் நிறைந்த ஒரு படகில் சிரிக்கும் குடும்பம். "தள்ளுபடிப் புயல் கரையைக் கடக்கிறது" என்று இன்னொன்று. "விலை கவிழ்ந்தது" என்று மூன்றாவது. எழுதிய நாளில் இவற்றில் எந்தத் தவறும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலைக்குப் பிறகு மூன்றும் எந்தத் திருத்தத்தாலும் சரியாகாதவை ஆகிவிட்டன.

ஆகவே செய்திக்கு ஏற்ற சொற்பட்டியல் ஒன்றை அன்றே எழுதிக்கொள்ளுங்கள். கடல் விபத்துக்கு: அலை, புயல், மூழ்கு, கவிழ், அடித்துச் செல், வலை, கரை சேர். பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்றால் பட்டியலே வேறு: சரவெடி, அதிரடி, தீயாய், வெடிக்கும் விலை. சாலை விபத்துக்கு: வேகம், பறந்து வாருங்கள், மோதும் கூட்டம். ஒரு செய்திக்கு எழுதிய பட்டியலை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் தப்பவிடுவீர்கள்.

இந்தப் பட்டியலிலும் சிக்காத பதிவுகள்தான் அதிகம் காயப்படுத்துபவை. எங்கள் வரிசையில் ஒரு கேள்விப் பதிவு இருந்தது: "இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?" அமைதியான படம், வாசலில் ஒரு கோலம், பாட்டே இல்லை. கடலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என்னோடு வேலை செய்த தம்பி அதை "பாதுகாப்பானது" என்று ஒதுக்கிவிட்டான். தாளின் மேலே எழுதிய வரியோடு சேர்த்துப் படிக்கச் சொன்னேன். இருவரைக் காணவில்லை. உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? அவனே அதை எடுத்துவிட்டான். அடுத்து "அப்பா வாங்கித் தந்த முதல் தீபாவளிச் சட்டை" என்ற நினைவுப் போட்டி. அதையும் நிறுத்தினோம்.

வீடு, வருகை, காத்திருத்தல், அப்பா, ஒன்றுகூடல் ஆகிய பொருள்களில் உள்ள பதிவுகளைத் தனியே எடுத்துப் படிக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். ஆரவாரம் இல்லை என்பதாலேயே ஒரு பதிவு பொருத்தமாகிவிடாது.

நேரத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன். விடியற்காலைப் பதிவுகளை இப்படிப்பட்ட வாரத்தில் நீக்கிவிடுங்கள். கரைக்குச் செய்தி வருவது பெரும்பாலும் காலையில்தான். நீங்கள் எழுந்து செய்தி பார்ப்பதற்கு முன்பே எதுவும் வெளியே போகக் கூடாது.

6. நான்காகப் பிரியுங்கள்

அப்படியே போகலாம், மாற்றிப் போகலாம், காத்திருக்கட்டும், கைவிடலாம் என்று நான்கு குவியல்கள். எங்கள் 23 பதிவுகளில் 5 அப்படியே போயின, 9 மாறின, 6 காத்திருந்தன, 3 கைவிடப்பட்டன. கைவிட்டவை மேலே சொன்ன கடல், புயல், கவிழ்தல் மூன்றும்தான்.

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே என்று முதலாளி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அந்த வாரத்து விற்பனையை நம்பித்தான் கடையில் வேலை பார்க்கும் பெண்களின் போனஸ் இருக்கிறது. அதோடு, பரமக்குடியிலிருந்து வருகிறவருக்குக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று தெரிய வேண்டும். தகவல் சொல்லும் பதிவு யாரையும் புண்படுத்தாது. குழந்தைகள் உடையின் அளவும் விலையும், துணி மாற்றிக்கொள்ளும் விதி, கடை நேரம் ஆகியவை போகலாம்.

மாற்றுவது என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவதுதான். கடை நேரப் பதிவின் பழைய வாசகம் "கொண்டாட்டம் ஓயாது! இரவு 11 வரை அதிரடி!" என்று இருந்தது. புதியது: "ஞாயிறு வரை கடை காலை 9 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும்." பட்டாசுச் சின்னங்களும் பாட்டும் போயின. படத்தில் கடையின் முகப்பு மட்டும் இருந்தது. பளிச்சென்ற வண்ணங்களைக் கறுப்பாக மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். கறுப்புப் பின்னணியில் சேலை விலை போட்டிருப்பது, வண்ணத்தில் போட்டிருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

7. இரங்கல் பதிவு போடுவதற்கு முன்

அவசரமாக ஓர் இரங்கல் படம் தயாரிப்பதே பலருக்கும் முதலில் தோன்றுவது. காணவில்லை என்ற நிலையில் அதைப் போடவே கூடாது. "ஆழ்ந்த இரங்கல்" என்பது இறந்தவருக்குச் சொல்வது. காத்திருக்கும் வீட்டுக்கு அது சாவை அறிவிப்பதாகும். விளக்கு படம், மாலை படம், "அஞ்சலி" என்ற சொல் எல்லாம் இதில் அடங்கும்.

இறப்பு உறுதியான பிறகும், உங்கள் கடைக்கும் அந்த ஊருக்கும் உண்மையான தொடர்பு இருந்தால் மட்டும் போடுங்கள். போட்டால் கடையின் சின்னம், தொலைபேசி எண், குறிச்சொற்கள் எதுவும் இல்லாமல் இரண்டு வரி போதும். இறந்தவர்களின் படத்தைக் குடும்பத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். நாங்கள் எதுவும் போடவில்லை. முதலாளி அந்த ஊருக்கு நேரில் போய்வந்தார். அதைப் படம் எடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

8. ஏற்கெனவே வெளியே போய்விட்டால்

செய்தி வருவதற்கு முன் வெளியான பதிவும் பின் வெளியான பதிவும் ஒன்றல்ல. முன்பே போனது கடலைக் குறிக்கும் சொல்லோ படமோ கொண்டதாக இருந்தால் மறைத்துவிடுங்கள், மற்றபடி விட்டுவிடலாம். பின்னால் போனதை உடனே எடுங்கள்.

யாரும் கவனிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் விளக்கம் தேவையில்லை. யாராவது கேட்டிருந்தால், கேட்டவருக்கு அதே இடத்தில் பதில் சொல்லுங்கள்: "இந்தப் பதிவு முன்பே நேரம் குறித்து வைத்தது. செய்தி வந்ததும் நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். தவறு எங்களுடையது, எடுத்துவிட்டோம்." "தானாக வந்துவிட்டது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நேரம் குறித்தது நாம்தான். கேட்டவரின் கருத்தை அழிக்கவும் வேண்டாம், படம்பிடித்து வைத்திருப்பார்.

9. மீண்டும் தொடங்குவது

"மூன்று நாள் பொறுப்போம்" என்று நாளை எண்ணி முடிவு செய்யாதீர்கள். தாளின் மேலே எழுதிய வரியைக் காலையும் மாலையும் திருத்துங்கள். அது மாறும்போது குவியல்களை மீண்டும் பாருங்கள். எங்களுக்குப் புதன் மாலை ஓர் உடல் கரை ஒதுங்கியது, வியாழன் காலை இன்னொன்று. அன்று மாலை இருவரின் அடக்கமும் நடந்தது. வியாழன் முழுவதும் எதுவும் போடவில்லை. வெள்ளி காலை பத்து மணிக்குக் கடை நேரப் பதிவு மட்டும் போனது. பின்னூட்டங்களை இரண்டு மணி நேரம் கவனித்த பிறகு துணி விலைப் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டோம், நாளுக்கு இரண்டுக்கு மேல் இல்லாமல்.

காத்திருந்த ஆறில், கடைப் பெண்கள் ஆடும் குறுங்காணொளி ஒன்றும் நினைவுப் போட்டியும் இருந்தன. குறுங்காணொளியைப் பொங்கலுக்கு வைத்துக்கொண்டோம். நினைவுப் போட்டியையும் கேள்விப் பதிவையும் அந்த ஆண்டு வெளியிடவில்லை.

மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்ட செய்தி என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே அடக்கம் என்ற முடிவு இல்லை; காவல் நீட்டிப்பு வாரக்கணக்கில் போகும், அவ்வளவு நாள் கடை மௌனமாக இருக்க முடியாது. அப்போது இடத்தை வைத்துப் பிரித்தோம்: கைதானவர்களின் ஊர்ப் பக்கம் காட்டும் விளம்பரங்களிலும் ஆட்டோ அறிவிப்பிலும் கொண்டாட்டச் சொற்களை விடுதலைச் செய்தி வரும்வரை எடுத்துவிட்டு, கேள்விப் பதிவு போன்றவற்றை எல்லாப் பக்கங்களிலும் நிறுத்தினோம்.

கடைசியாக, வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிலை மீண்டும் போடும்போது பழைய வாசகத்தைத் திரும்ப ஒட்டாதீர்கள். எங்கள் கடையில் இப்போது ஆண்டு முழுவதும் ஒரே வாசகம்தான்: "வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. அரை மணி நேரத்துக்குள் பதில் சொல்கிறோம். அவசரமென்றால் இதே எண்ணில் அழையுங்கள்." கல்யாணச் சேலைக்கு எழுதுகிறவருக்கும் கோடித் துணிக்கு எழுதுகிறவருக்கும் அது போய்ச் சேர்கிறது.